பத்திரத்தின் மேல் விழுந்த ஆள் நிழலை எடுப்பது: ஒரு பக்கத்தை வைத்து முழுமையான வழிகாட்டி

திருமங்கலத்தில் உள்ள எங்கள் கடைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி ஒரு படத்தைக் கொண்டுவருகிறார்கள். பெரியப்பா வீட்டுக் கூடத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே பத்திரத்தைத் தரையில் விரித்து, குனிந்து நின்று செல்போனில் எடுத்திருப்பார்கள். எடுத்தவரின் தலையும் தோளும் பாதிப் பக்கத்தில் கறுப்பாகப் படிந்திருக்கும். அதற்குள் மூலப்பத்திரம் வங்கி லாக்கருக்குத் திரும்பிப் போயிருக்கும்.

இந்த வழிகாட்டிக்கு அப்படி வந்த ஒரு பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்து நிலம் ஒன்றின் கிரயப் பத்திரம், 1968-ஆம் ஆண்டு எழுதியது. நீலக் கறுப்பு மையில் கையெழுத்து, மஞ்சள் ஏறிய தாள், அடியில் விற்றவரின் கைநாட்டு. நிழல் விழுந்திருந்தது சரியாகச் செக்குபந்தி வரிகளின் மேல். நான்கெல்லை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் படமே எடுத்தார்கள். அது மட்டும் தெரியவில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, கேமராவிலிருந்து வந்த அசல் கோப்பு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி வருகிறது. வெளிச்சத்தில் உள்ள பகுதியில் இந்தச் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது. நிழலுக்குள் இருப்பதை வெளுக்கும்போது சின்னச் சின்னச் சதுரங்களாக மேலே வந்து எழுத்தைக் கடித்துத் தின்னும். அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கிம்ப் மென்பொருள், 2.10 அல்லது அதற்குப் பிந்தையது. இலவசம்தான். நமக்கு அதில் வேண்டியது சில கருவிகள் மட்டும்தான்.

மூன்றாவது, அசல் கோப்பின் நகல் ஒன்று. அதைத் தனியே வைத்துவிட்டு மற்றொன்றில் வேலை செய்யுங்கள். கடைசிப் படியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

2. திரும்ப எடுக்க முடியுமா என்று கேளுங்கள்

பத்திரம் வீட்டில்தான் இருக்கிறது என்றால் கணினியைத் திறக்கவே வேண்டாம். பத்து நிமிடம் செலவழித்துத் திரும்ப எடுப்பது, ஒரு மணி நேரம் நிழலைத் துடைப்பதைவிட நல்லது.

தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: விளக்கு முதுகுக்குப் பின்னாலோ தலைக்கு மேலோ இருக்கிறது, ஆள் அதற்கும் தாளுக்கும் நடுவில் நிற்கிறார். மேல் விளக்கை அணைத்துவிடுங்கள். பகலில் வாசல் கதவுக்கோ ஜன்னலுக்கோ அருகில், வெயில் நேராக விழாத இடத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, வெளிச்சம் உங்கள் இடப்பக்கமிருந்தோ வலப்பக்கமிருந்தோ வரும்படி நில்லுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிமிர்த்தி வைத்தால், மங்கலாக இருக்கும் பாதிக்கும் வெளிச்சம் திரும்பி வரும்.

நிழலைக் கொல்ல ஃபிளாஷ் போடுகிறவர்களும் உண்டு. லேமினேட் செய்த தாளில் அது வெள்ளைப் பொட்டாக எரிந்துவிடும். நிழலுக்குள் எழுத்து ஒளிந்துதான் இருக்கிறது. எரிந்த பொட்டுக்குள் எழுத்தே இல்லை.

3. நிழலுக்குள் எழுத்து உயிரோடு இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்

திரும்ப எடுக்க வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது கண்ணை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். கிம்பில் `Color Picker` கருவியை எடுத்து நான்கு இடங்களைத் தொட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: வெளிச்சத்தில் தாள், வெளிச்சத்தில் மை, நிழலில் தாள், நிழலில் மை. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் வரும். எளிமைக்காகச் சிவப்பை மட்டும் சொல்கிறேன். 0 கறுப்பு, 255 வெள்ளை.

நம் பக்கத்தில் தோராயமாக வந்த எண்கள் இவை. வெளிச்சத்தில் தாள் 210, மை 70. நிழலில் தாள் 105, மை 35. மையும் தாளும் நிழலுக்குள்ளும் எழுபது எண் தள்ளி நிற்கின்றன. இது நல்ல நிலை. இரண்டுக்கும் இடையே பத்து எண்கூட இல்லை என்றால் எழுத்து வரும், ஆனால் மணல் தூவியது போல் வரும். அதையும் முதலிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவேன். இரண்டுமே 0-ஐ ஒட்டிக் கிடந்தால் அங்கே மீட்க எதுவும் இல்லை. பத்திரம் பதிவானதாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிப்பதுதான் வழி.

இந்த நான்கு எண்களிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. நிழலில் தாளும் பாதியானது, மையும் பாதியானது. அதாவது நிழல் என்பது கழித்தல் இல்லை, பெருக்கல். விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை அது எடுத்துவிடுகிறது.

புதிதாக வேலை பழக வரும் பிள்ளைகள் இதைப் பார்க்காமல் நிழலைத் தேர்ந்தெடுத்து பிரைட்னஸை ஏற்றுவார்கள். 105 கூட்டினால் தாள் 210 ஆகிவிடும், சரிதான். ஆனால் மையும் 140 ஆகிவிடும். "அண்ணே, எழுத்தும் சேர்ந்து வெளுத்துவிட்டது" என்று வந்து நிற்பார்கள். கூட்டினால் அப்படித்தான் ஆகும். வகுத்துப் பாருங்கள்: வெளிச்சத்தில் 70-ஐ 210-ஆல் வகுத்தால் மூன்றில் ஒன்று, நிழலில் 35-ஐ 105-ஆல் வகுத்தாலும் மூன்றில் ஒன்று. ஒவ்வொரு புள்ளியையும் அந்த இடத்தில் வெறும் தாள் எவ்வளவு வெளிச்சமாக இருந்திருக்குமோ அந்த எண்ணால் வகுத்துவிட்டால் நிழல் தானாகக் காணாமல் போகும்.

அப்படியானால் வேண்டியது ஒன்றுதான்: எழுத்தே இல்லாத வெறும் தாளின் மேல் அதே நிழல் விழுந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஒரு படம். இனி அதை வெளிச்சப் படம் என்கிறேன். மிச்ச வேலை முழுவதும் அதைச் சரியாக உண்டாக்குவதுதான்.

4. தாளை மட்டும் வெட்டி எடுங்கள்

`Crop` கருவியால் தாளின் ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள். சிவப்புத் தரை, பாய், கால் பெருவிரல் எல்லாம் வெளியே போக வேண்டும். தாள் எங்கே முடிகிறது என்று அடுத்த படிக்குத் தெரியாது. பாயையும் தாள் என்று எண்ணிக்கொண்டால் ஓரங்களில் அழுக்குப் பட்டை விழும்.

பக்கத்தை நிமிர்த்துவது, கோணலைச் சரிசெய்வது எல்லாம் பிறகு செய்துகொள்ளலாம். முதலில் செய்தால் புள்ளிகள் ஒரு முறை கலங்கும், அந்தக் கலக்கம் நிழலுக்குள் பெரிதாகத் தெரியும்.

5. வெளிச்சப் படத்தை உண்டாக்குங்கள்

`Layer → Duplicate Layer` கொடுங்கள். மேலே இருக்கும் நகலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு `Filters → Blur → Median Blur` போங்கள். `Radius` 30, `Percentile` 50 என்று வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள். பெரிய படமாக இருந்தால் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இது செய்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவற்றை இருட்டிலிருந்து வெளிச்சம் வரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்கிறது. வட்டத்துக்குள் பாதிக்கு மேல் தாள் இருந்தால் நடுவில் நிற்பதும் தாள்தான். எழுத்து சிறுபான்மை, அதனால் தோற்றுப்போகிறது.

30 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நம் படத்தில் பக்கத்தின் உயரம் ஏறக்குறைய 4000 புள்ளிகள், பேனாக் கோட்டின் தடிமன் ஏழெட்டுப் புள்ளிகள். கோட்டைப் போல நான்கு மடங்கு ஆரம் வைத்தால் எழுத்து வட்டத்துக்குள் பாதியைப் பிடிக்க முடியாது. உங்கள் படம் சிறியதாக இருந்தால் கோட்டின் தடிமனை அளந்து ஆரத்தையும் அதே விகிதத்தில் குறையுங்கள். எல்லாப் படத்துக்கும் 30 என்று மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள்தான் இங்கே அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

`Gaussian Blur` பக்கமே போகாதீர்கள். அது நடுவில் நிற்பதை எடுப்பதில்லை. எல்லாவற்றையும் சராசரியாகக் கரைக்கிறது. மையும் அதில் கரைந்து வெளிச்சப் படத்தை அழுக்காக்கும். நிழலின் விளிம்பையும் இரண்டு பக்கமும் பரப்பிவிடும். வகுத்த பிறகு நிழல் இருந்த இடத்தைச் சுற்றி உள்ளே ஒரு கறுப்புக் கோடும் வெளியே ஒரு வெள்ளைக் கோடும் நிற்கும். நிழல் போய் நிழலின் கோட்டுப்படம் மிஞ்சும்.

6. வெளிச்சப் படத்தைச் சோதித்துத் திருத்துங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். வகுப்பதற்கு முன் மேல் லேயரை அப்படியே நிறுத்திப் பாருங்கள். வெறும் தாள், அதன் மேல் ஒரு தலை நிழல், ஒரு தோள் நிழல். அவ்வளவுதான் தெரிய வேண்டும். வேறு எது தெரிந்தாலும் அது தவறு.

நம் பக்கத்தில் அடியில் ஊதா நிறத் திட்டு ஒன்று தெரிந்தது. அது கைநாட்டு. பேனாக் கோடு ஏழு புள்ளி அகலம் என்றால், அதே படத்தில் பெருவிரல் ரேகை இருநூறு புள்ளிக்கு மேல் அகலம். 30 ஆரமுள்ள வட்டம் அதற்குள் முழுதாக அடங்கிவிடும். அங்கே மைதான் பெரும்பான்மை. அதையே தாள் என்று எடுத்துக்கொண்டது. இதை விட்டுவிட்டு வகுத்தால் கைநாட்டு வெளிறிப்போய் நாலைந்து கோடுகள் மட்டும் மிஞ்சும். பத்திரத்தில் கைநாட்டு காணாமல் போனால் வீட்டில் என்ன பேச்சு கிளம்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஆரத்தை 150 ஆக ஏற்றலாமே என்று தோன்றும். ஏற்றினால் நிழலின் வளைவுகள், காது, மூக்கு, விரல் எல்லாம் வழித்துவிடப்பட்டு விளிம்பு கெடும். அதைவிட வெளிச்சப் படத்திலேயே கை வைப்பது நல்லது. `Clone` கருவியை எடுத்து, ஊதாத் திட்டுக்குப் பக்கத்தில், அதே அளவு நிழல் விழுந்த வெறும் தாளிலிருந்து எடுத்துத் திட்டின் மேல் பூசுங்கள். தூரிகையின் ஓரம் மென்மையாக இருக்கட்டும். கைநாட்டு இருந்த இடத்தில் இப்போது வெறும் நிழல் மட்டும் இருக்கும். கீழ் லேயரில் உள்ள ரேகையை நீங்கள் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முத்திரைத்தாளின் தலைப்பில் அச்சாகியிருக்கும் பெரிய வேலைப்பாட்டுக்கும் இதே வைத்தியம். சார்பதிவாளர் அலுவலக வட்ட முத்திரை பெரும்பாலும் மெல்லிய கோடுகளால் ஆனது. அது தானாகத் தப்பிவிடும். ஒட்டிய புகைப்படம் இருந்தால் அதற்கும் பூச வேண்டும், இல்லாவிட்டால் தலைமுடி நரைத்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு. செல்போனைப் பிடித்த விரலின் நிழல் மெல்லிய கோடாக விழுந்திருந்தால், வட்டம் அதையும் எழுத்து என்று எண்ணித் தள்ளிவிடும். வெளிச்சப் படத்தில் அது இருக்காது, ஆகவே வகுத்த பிறகு அப்படியே நிற்கும். அந்த இடத்தில் எழுத்து இல்லாவிட்டால் நான் அதை விட்டுவிடுவேன்.

7. வகுங்கள், பிறகு தாளின் நிறத்தைத் திருப்பிக் கொடுங்கள்

மேல் லேயரின் `Mode` பட்டியலில் `Divide` தேர்ந்தெடுங்கள். நிழல் போய்விடும். பார்க்க மந்திரம் போலத்தான் இருக்கும். எந்த லேயர் மேலே என்பது முக்கியம்: கிம்ப் கீழே இருப்பதை மேலே இருப்பதால் வகுக்கிறது. வெளிச்சப் படம் கீழே போய்விட்டால் வெள்ளைத் தாளில் எழுத்துகள் மறைந்துபோகும்.

வெயிலில் எடுத்த படத்தில் நிழல் நீலம் பாய்ந்திருக்கும், ஏனென்றால் நிழலுக்குள் விழுவது வானத்தின் வெளிச்சம். அதைத் தனியாகத் திருத்த வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே வகுபடுவதால் அந்த நீலமும் கூடவே போய்விடும்.

போகக் கூடாத ஒன்றும் போயிருக்கும்: தாளின் மஞ்சள். பக்கம் நேற்று வாங்கிய தாள் போல வெளுத்திருக்கும். வாசிக்க மட்டும்தான் என்றால் அப்படியே விடலாம். எனக்குப் பிடிப்பதில்லை, ஐம்பது ஆண்டுப் பத்திரம் ஐம்பது ஆண்டுப் பத்திரமாகத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே புதிய லேயர் ஒன்றைப் போட்டு, மூன்றாம் படியில் வெளிச்சத்தில் அளந்த தாளின் நிறத்தால் நிரப்பி, `Mode`-ஐ `Multiply` ஆக்குங்கள். தாள் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

8. விளிம்பில் கோடு மிஞ்சினால்

நான்கடி டியூப் லைட்டில் எடுத்த படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டியூப் ஓடும் திசைக்கு இணையான நிழல் விளிம்பு கூர்மையாக இருக்கும். அதற்குக் குறுக்கான விளிம்பு புகை போல் பரவியிருக்கும். புகை விளிம்பு வகுத்தலில் சுவடே இல்லாமல் போகிறது. கூர்மையான விளிம்பில், அதுவும் வளையும் இடத்தில், மெல்லிய கோடு மிஞ்சலாம்.

கோடு மிஞ்சினால் ஐந்தாம் படிக்குத் திரும்பி ஆரத்தை 20 ஆக்கிப் பாருங்கள். வெளிச்சப் படத்தில் எழுத்தின் ஆவி தெரியத் தொடங்கினால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள். `Percentile`-ஐ 80, 90 என்று ஏற்றுகிறவர்களுக்கு இந்தக் கோடு இன்னும் தடிக்கும். காரணம், விளிம்புக்கு அருகில் நிழலுக்குள் நிற்கும் புள்ளி தன் வட்டத்தில் இருக்கும் வெளிச்சத் தாளைப் பார்த்து அதையே தன் தாள் என்று எடுத்துக்கொள்ளும். எழுத்து நெருக்கியடித்த பக்கமாக இருந்தால் மட்டும் 60 வரை போகலாம்.

`Heal` கருவியால் கோட்டைத் தேய்ப்பதை நான் கடையில் தடை செய்திருக்கிறேன். அது பக்கத்து எழுத்தின் துணுக்கைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். பத்திரத்தில் ஒரு புள்ளி கூடினாலும் அது வேறு எழுத்து.

9. முப்பது பக்கம் இருந்தால்

ஒவ்வொன்றாகக் கிம்பில் செய்ய முடியாது. பைத்தான் தெரிந்தவர்கள் `pip install opencv-python` கொடுத்துவிட்டு இதை `nizhal.py` என்று சேமித்துக்கொள்ளலாம்:

```python
import sys, cv2, numpy as np

for f in sys.argv[1:]:
    img = cv2.imread(f)
    out = []
    for ch in cv2.split(img):
        bg = cv2.medianBlur(ch, 61)
        paper = float(np.percentile(bg, 90))
        out.append(cv2.divide(ch, bg, scale=paper))
    cv2.imwrite(f.rsplit(".", 1)[0] + "_s.png", cv2.merge(out))
```

61 என்பது வட்டத்துக்குப் பதிலான சதுரத்தின் பக்கம். 30 ஆரத்துக்கு ஈடு. அது ஒற்றைப்படை எண்ணாகவே இருக்க வேண்டும். `paper` என்ற வரி வெளிச்சத்தில் உள்ள தாளின் நிறத்தைத் தானே கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கிறது, அதனால் `Multiply` வேலை இல்லை. படங்களைத் தாளின் ஓரத்தை ஒட்டி வெட்டிவிட்டுத்தான் இதற்குக் கொடுக்க வேண்டும். வெள்ளை மேசை ஓரம் சேர்ந்திருந்தால் அந்த வெள்ளையைத் தாள் என்று எண்ணிவிடும். விண்டோஸில் கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் `imread` படத்தைத் திறக்காமல் வெறுங்கையோடு திரும்பும், நிரல் அதற்குப் பிந்தைய வரியில்தான் பிழை காட்டி நிற்கும். கோப்புப் பெயரையும் அது இருக்கும் ஃபோல்டரின் பெயரையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

இதில் ஆறாம் படி இல்லை. கைநாட்டு உள்ள பக்கங்களைப் பிரித்தெடுத்துக் கிம்பில் கையால் செய்யுங்கள்.

10. சுவராக இருந்தால்

சுவருக்கு மேலே சொன்ன முறை சரிவராது. தாள் முழுவதும் ஒரே நிறம் என்ற நம்பிக்கையில்தான் வெளிச்சப் படம் நிற்கிறது. காரை பெயர்ந்த திட்டு, மழைநீர் வழிந்த கறை, பாதி வரை அடித்த சுண்ணாம்பு எல்லாம் சுவரின் சொந்த நிறங்கள். நிழலோடு அவற்றையும் வெளுத்துவிடும்.

இன்னும் எடுக்கவில்லை என்றால், கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி டைமர் வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டின் நிழலே விழுகிறது என்றால் அதை அசைக்காமல் அரை மணி நேரம் கழித்து இன்னொன்று எடுங்கள். சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்வதால் நிழல் இடம் மாறியிருக்கும். இரண்டையும் `File → Open as Layers` வழியாகத் திறந்து, மேலே உள்ளதை `Lighten only` ஆக்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சமான புள்ளி மட்டும் நிற்கும். இரண்டு நிழலும் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடத்தில் மட்டும் இருட்டு மிஞ்சும்.

ஏற்கெனவே எடுத்த ஒரே படம்தான் என்றால், நிழலை `Free Select` கருவியால் சுற்றி வளைத்து, விளிம்பு பரவியிருக்கும் அளவுக்கு `Feather` கொடுத்து, `Colors → Levels` திறங்கள். இங்கேயும் வகுத்தல்தான். அளந்த எண்கள் 105-உம் 210-உம் என்றால் 255-ஐ 105-ஆல் பெருக்கி 210-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 128. சிவப்புக்கு மேல் வரிசையின் வலது முக்கோணத்தை 128-க்குக் கொண்டுவாருங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் அவற்றின் எண்களை வைத்துத் தனித்தனியே செய்யுங்கள்.

11. சேமித்து, எண்களை மட்டும் ஒரு முறை சரிபாருங்கள்

வேலைக் கோப்பை `.xcf` ஆக வைத்துக்கொள்ளுங்கள். கைநாட்டு சரியில்லை என்று யாராவது திரும்ப வந்தால் வெளிச்சப் படம் வேண்டும். கொடுப்பதற்கு `File → Export As` வழியாக `.png` எடுங்கள். நீதிமன்றத்துக்கோ வங்கிக்கோ கொடுப்பதற்கு இது ஆவணம் ஆகாது, வாசிப்பதற்கான படம் மட்டுமே என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாகத் திருத்திய படத்தையும் தனியே வைத்திருந்த அசலையும் முழு அளவில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, நிழல் இருந்த இடத்தில் உள்ள எண்களை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள். நம் பக்கத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவு 3 என்று பளிச்சென்று வந்தது. அசலை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது இடப்பக்கம் மெல்லிய மை வளைவு ஒன்று நிழலுக்குள் தெரிந்தது. மை தீரும் பேனாவால் எழுதிய 8. வகுத்தபோது அந்த வளைவு தாளின் நிறத்தோடு ஒட்டிப் போயிருந்தது. அந்த ஓர் எண்ணின் அருகே பென்சில் வட்டம் போட்டு, "இது 8 ஆக இருக்கலாம், லாக்கரைத் திறக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன்.